முகப்புப் படம் முதலில், கேமரா பிறகு

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. ஒரு காலத்தில் சதுப்புநிலக் காடாக இருந்த இடம். கடல் பெருக்கின்போது நீர்மட்டம் செம்பனை நிலத்தைவிட உயர்ந்துவிடும் என்பதால், சுற்றிலும் மண்கரை எழுப்பி, மதகுகள் வைத்துக் காத்து வருகிறார்கள். வட்டார இளைஞர் ஒருவர் இதை யூடியூப் காணொலியாக எடுக்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

பலர் எல்லாவற்றையும் எடுத்து, வெட்டி ஒட்டி முடித்த இரவில்தான் தலைப்பு தேடுவார்கள். அப்போது 'மூழ்கப் போகிறதா கேரி தீவு?' என்று ஒரு சிவப்பு அம்புக்குறியோடு படம் தயாராகும். காணொலியிலோ தீவு மூழ்கும் பேச்சே இருக்காது.

மாறாக, எழுத உட்காரும்போதே 'கடல் ஏறினாலும் இந்தத் தோட்டம் ஏன் நனைவதில்லை?' என்று தலைப்பை எழுதிவிட்டால், முகப்புப் படமும் கூடவே வந்துவிடும்: நடுவில் கரை, ஒரு பக்கம் நிறைந்த நீர், மறுபக்கம் உலர்ந்த செம்பனை. இந்தப் படம் பெருக்கு நேரத்தில் மட்டுமே கிடைக்கும். மதகு திறந்து தோட்டத்து நீர் வெளியேறுவதோ வற்று நேரத்தில். ஆக, கடல் பெருக்கு அட்டவணையைப் பார்த்து இரண்டு முறை போக வேண்டும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதியும் கேட்க வேண்டும். கடைசி இரவில் தலைப்பு தேடுபவருக்கு இது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

எழுத்திலும் வேலை மாறுகிறது. அந்தக் கரை முதல் அரை நிமிடத்துக்குள் திரையில் வந்துவிட வேண்டும். வரலாறு அதற்குப் பிறகு. மதகு எப்படித் திறந்து மூடுகிறது என்ற விடை கடைசிவரை ஒளிந்திருக்கத் தேவையில்லை. பாதியில் சொல்லிவிட்டு, கரை உடைந்தால் என்னாகும் என்று அடுத்த கேள்விக்குப் போகலாம். படத்தில் எழுத்து வேண்டுமானால் மூன்று நான்கு சொல் போதும். வலது கீழ் மூலையில் காணொலியின் நேரம் வந்து மறைக்கும், அங்கே எதையும் வைக்கக் கூடாது.

சொன்னதும் காட்டியதும் பொருந்தினவா என்பதை YouTube Studio காட்டிக் கொடுக்கும். படத்தைப் பார்த்துத் தட்டியவர்கள் அதிகம், ஆனால் முப்பது விநாடிக்குள் வரைகோடு செங்குத்தாக விழுகிறது என்றால், வந்தவர்கள் தேடியது உள்ளே இல்லை. தட்டியவர்கள் குறைவு, வந்தவர்கள் நெடுநேரம் இருந்தார்கள் என்றால் காணொலி நல்லது, தலைப்புதான் அதைச் சொல்லவில்லை. இந்த இரண்டாவது நோய்க்கு மருந்து எளிது, தலைப்பையும் படத்தையும் மாற்றினால் போதும். முதலாவதற்கு மறுபடி தீவுக்குப் போக வேண்டியிருக்கும்.

யூடியூப் 2012-இலேயே பார்வை எண்ணிக்கையைவிடப் பார்த்த நேரத்துக்கு முதன்மை கொடுத்துவிட்டது. மூன்று முகப்புப் படங்கள் வரை ஒப்பிட்டுப் பார்க்கும் அதன் வசதியும் வெற்றிப் படத்தைப் பார்த்த நேரத்தை வைத்தே தேர்ந்தெடுக்கிறது. 2024 டிசம்பரில் இந்தியாவில், உள்ளே இல்லாததைத் தலைப்பில் சொல்லும் காணொலிகளை, குறிப்பாகச் சூடான செய்தி சார்ந்தவற்றை, நீக்கப்போவதாகவும் அது அறிவித்தது.