மதிப்பெண் போடும் கணக்கை நாம் சரிபார்க்க முடிகிறதா?

விண்ணப்பங்களைக் கணினியே வடிகட்டுவதும், பணியில் இருப்போரின் செயல்பாட்டுக்குக் கணினியே மதிப்பெண் போடுவதும் இன்று பரவி வருகின்றன. மாடம்பாக்கத்தில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "நம்மை ஒரு சூத்திரத்தால் அளந்தால் அது நியாயமா?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். நம் துறையிலேயே அதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு: வெயிட்டேஜ் முறை.

தகுதித் தேர்வில் வென்றவர்களை வரிசைப்படுத்த 2012 அக்டோபரில் அரசாணை 252 வந்தது. பட்டதாரி ஆசிரியருக்கு மொத்தம் 100 மதிப்பெண். தகுதித் தேர்வுக்கு 60, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் 2-வுக்கு 10 எனப் பிரித்தார்கள். சிக்கல் இந்தப் பிரிவினையில் எழவில்லை. அதற்குள் இருந்த படிநிலைகளில் எழுந்தது. தகுதித் தேர்வில் 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் எடுத்த அனைவருக்கும் 42. 70 விழுக்காட்டைத் தொட்டால் 48.

150-க்கு நடக்கும் தேர்வில் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 90, இரண்டாமவர் 104, மூன்றாமவர் 105. முதல் இருவருக்கும் 42, மூன்றாமவருக்கு 48. 14 மதிப்பெண் வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை. ஒரே ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு 6 மதிப்பெண்! தரவரிசையில் அந்த ஆறுக்குள் ஏராளமானோர் நிற்பார்கள்.

இம்முறையை எதிர்த்துத் தேர்வர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றனர். 2014 ஏப்ரலில் அது ரத்தானது. அவ்வாண்டு மே மாதம் வந்த அரசாணை 71, படிகளை நீக்கி நேர்விகிதத்தைக் கொண்டுவந்தது. பெற்ற மதிப்பெண்ணை 150-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க வேண்டும். அதன்படி நம் மூவருக்கும் முறையே 36, 41.6, 42 கிடைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சூத்திரம் அரசாணையில் அச்சாகியிருந்ததால்தான் ஒரு தேர்வர் காகிதமும் பேனாவும் கொண்டு தன் கணக்கைப் போட்டுப் பார்த்து, குறை எங்கே என்று சுட்டிக்காட்ட முடிந்தது.

ஆனால் கணக்கு புரிந்துவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடாது. பல ஆண்டுகளுக்கு முன் பிளஸ் 2 முடித்தவர்கள், தங்கள் காலத்தில் மதிப்பெண் குறைவாகவே போடப்பட்டது என்று முறையிட்டனர். வகுத்தல் சரியாக இருந்தாலும், உள்ளே போகும் எண்கள் ஒரே அளவுகோலில் அளந்தவையா என்பதே அவர்களின் கேள்வி. 2016-இல் உச்ச நீதிமன்றம் அரசாணை 71-ஐ ஏற்றது. எனினும் 2018-இல் அரசே வெயிட்டேஜைக் கைவிட்டு, தனிப் போட்டித் தேர்வு என்ற முறைக்கு மாறியது.

கணக்கே தெரியாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பள்ளி மாவட்டத்தில் அதுதான் நடந்தது. மாணவர் தேர்வு முடிவுகளைக் கொண்டு ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போட்டது. அதை வைத்துப் பணிநீக்கமும் செய்யலாம். கணக்கிடும் முறை வணிக ரகசியம் என்று மறைக்கப்பட்டது. ஒருவரின் மதிப்பெண்ணில் பிழை இருந்தாலும், அதைத் திருத்தினால் மற்றவர்களின் மதிப்பெண்களும் மாறும் என்பதால் திருத்தம் மறுக்கப்பட்டது. ஆசிரியர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தன் மதிப்பெண் சரியா என்று சோதிக்கவே வழியில்லாமல் ஒருவரின் வேலையைப் பறிப்பது முறையான நடைமுறையா என்ற கேள்வி விசாரணைக்கு உரியது என்று 2017 மே மாதம் நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டே சமரசம் ஏற்பட்டது. சரிபார்க்க முடியாத மதிப்பெண்ணைக் கொண்டு பணிநீக்கம் செய்வதில்லை என்று மாவட்டம் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு கூறுகிறது. "கணினி போட்டது" என்பது காரணம் ஆகாது என வாதிட இப்பிரிவு இடம் தருகிறது. ஆனால் அது அரசு அமைப்புகளுக்கே பொருந்தும். நம்மிடம் படித்து முடித்தவர்கள் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது நிலைமை வேறு. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படும் தரவு சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தவறான தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் ஏன் நிராகரித்தோம் என்று விளக்கும் கடமையை அது விதிக்கவில்லை.

ஆகவே ஒரு மதிப்பெண் நம் கைக்கு வரும்போது மூன்றைக் கேட்போம். எந்தத் தரவு உள்ளே போனது? எந்தக் கணக்கால் இந்த எண் வந்தது? பிழை இருந்தால் திருத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது? வெயிட்டேஜில் முதல் இரண்டுக்கும் விடை இருந்தது. அதனால் மூன்றாவதற்கு நீதிமன்றம் வழி திறந்தது. ஹூஸ்டனில் இரண்டாவதே பூட்டிக் கிடந்தது.