கச்சேரி போஸ்டரில் எது முதலில், எது கடைசியில்?

டிக்கெட் வைத்து நடத்தும் இசை நிகழ்ச்சிக்கு போஸ்டர் அடிக்கும்போது டிசைனர் கையில் ஒரு தாள் கிடைக்கும். அதில் முதல் வரி நடத்துபவரின் பெயர். அடுத்து, வழங்குபவர், இணைந்து வழங்குபவர், தலைமை, முன்னிலை, வாழ்த்துரை. பாடப்போவது யார் என்பது நடுவில் எங்கோ வரும். தேதியும் இடமும் அதற்குக் கீழே. டிக்கெட் எங்கே கிடைக்கும் என்பது பெரும்பாலும் இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

அந்தத் தாளின் வரிசை, பணம் போட்டவர்களின் வரிசை. தெருவில் நிற்பவருக்கு வேறு வரிசை உண்டு. என்ன கச்சேரி, யார் பாடுகிறார்கள்? என்றைக்கு, எத்தனை மணிக்கு? எங்கே? எவ்வளவு? டிக்கெட் எப்படி வாங்குவது? இந்த ஐந்தும் பெரும்பாலும் இதே வரிசையில்தான் மனதில் எழும். அன்றைக்கு ஊரில் இல்லாதவருக்கு விலை எவ்வளவாக இருந்தால் என்ன? அதனால் தேதி எப்போதும் விலைக்கு முன்னால்.

இந்த ஒழுங்கை ஒரு கலையாகவே செய்து காட்டியவர் சுவிட்சர்லாந்தின் யோசெஃப் முல்லர்-ப்ரோக்மன். ஜூரிக் நகரின் டோன்ஹாலே இசையரங்குக்காக 1950-களில் அவர் செய்த போஸ்டர்கள் இன்றும் டிசைன் வகுப்புகளில் பாடம். 1955-இல் பீத்தோவன் கச்சேரிக்குச் செய்ததில் கலைஞரின் படமே இல்லை. பெரிய வளைவுகளும் சிறிய எழுத்தில் விவரங்களும்தான். நம் ஊரில் பாடகர் முகம் இல்லாமல் டிக்கெட் விற்காது என்பார்கள், அதில் உண்மையும் உண்டு. முகத்தை வைத்துக்கொள்ளலாம், விவரங்களை ஒரே இடத்தில் கட்டுக்கோப்பாக நிறுத்தும் பழக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். திருச்சி தில்லைநகர்ப் பக்கம் ஓர் அரங்கம். 2026 ஜனவரி 24, சனிக்கிழமை, மாலை 6.30 மணி. பழைய திரைப்பாடல்களின் மெல்லிசை மாலை. டிக்கெட் ரூ.300, ரூ.500, ரூ.750. கடைக் கண்ணாடிகளிலும் பாட்டு வகுப்புகளிலும் ஒட்டுவதற்கு ஏ3 தாள், அதாவது 297 மில்லிமீட்டர் அகலம், 420 உயரம்.

மேல்பாதி முழுவதும் பாடகரின் படத்துக்கும் நிகழ்ச்சியின் பெயருக்கும். அதன் கீழே ஒரே நிறப் பட்டையில் தேதியும் நேரமும். பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து சுமார் ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது பெயர்ப்பலகை எழுதுபவர்களின் கணக்கு. ஏ3 தாளில் அந்த ஓர் அங்குலத்தை எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாது. நிகழ்ச்சியின் பெயருக்கும் ‘24’ என்ற எண்ணுக்கும் கொடுத்தால் போதும். ‘ஜனவரி, சனி, மாலை 6.30’ அதில் பாதி உயரத்தில் நிற்கலாம். இடம் அதைவிடச் சிறிதாக, விலை அதற்கும் சற்றுச் சிறிதாக. போஸ்டரில் ஆர்வம் வந்தவர் அருகே வந்துவிடுவார். அருகே வருபவருக்குச் சிறிய எழுத்து போதும்.

ஆங்கிலப் போஸ்டரில் முக்கியமான சொல்லை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்து எடுத்துக்காட்டுவார்கள். தமிழில் அந்த வசதி இல்லை. அளவு, தடிமன், சுற்றிலும் விடும் வெற்றிடம் என்ற மூன்றை வைத்துத்தான் எதையும் தூக்கிக் காட்ட முடியும். இதில் வெற்றிடத்தைத்தான் எல்லோரும் முதலில் தின்றுவிடுகிறார்கள். வரிகளுக்கு இடையிலும் ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் அதிகம் விட வேண்டும். மேல் வரியின் ‘கு’, ‘சூ’ காலும் கீழ் வரியின் ‘கி’, ‘மீ’ கொம்பும் மோதிக்கொண்டால் தூரத்திலிருந்து வெறும் கறையாகத் தெரியும்.

தேதியோடு கிழமை கட்டாயம் வேண்டும், ஆண்டும் வேண்டும். போன வருடத்துப் போஸ்டர் வாட்ஸ்அப்பில் இந்த வருடமும் சுற்றும். ஆண்டு இல்லையென்றால் அதை நம்பி யாராவது அரங்க வாசலில் வந்து நிற்பார்கள். நேரத்திலும் தெளிவு தேவை: 6.30 என்பது கதவு திறக்கும் நேரமா, முதல் பாட்டு தொடங்கும் நேரமா? இரண்டும் வேறென்றால் இரண்டையும் போடுங்கள். இடத்துக்கு அரங்கத்தின் பெயர், தெரு, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். இத்தனை போதும், முழு அஞ்சல் முகவரி வேண்டாம்.

விலையில்தான் வாய்த்தகராறு வரும். ‘ரூ.300 முதல்’ என்று மட்டும் போட்டால், ரூ.300 டிக்கெட் இரண்டாம் நாளே தீர்ந்திருக்கும். கவுன்டருக்கு வருபவர் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார். மூன்று விலை இருந்தால் மூன்றையும் போடுவது நல்லது. வரியையும் பார்க்க வேண்டும். கச்சேரி டிக்கெட் ரூ.500 வரை ஜிஎஸ்டி கிடையாது. அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஆக, வரி தனி என்றால் நம் ரூ.750 டிக்கெட் கையில் வாங்கும்போது ரூ.885 ஆகிவிடும். போஸ்டரில் ரூ.885 என்றே போடலாம், அல்லது வரியையும் சேர்த்து ரூ.750 என்று முடிவு செய்யலாம். ‘வரி தனி’ என்று அடியில் பொடி எழுத்தில் போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஆன்லைனில் வாங்கினால் தனிக் கட்டணம் உண்டென்றால் அதையும் விலைக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

முன்பதிவுக்கு ஒரு தொலைபேசி எண், ஒரு கடை, ஒரு கியூஆர் குறி. ஐந்து பேரின் எண்களைப் போட்டால் ஐந்து பேரும் மற்றவர் எடுப்பார் என்று இருந்துவிடுவார்கள். கியூஆர் குறியின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. இரண்டடி தள்ளி நிற்பவருக்கு ஆறு சென்டிமீட்டர். வெள்ளைப் பின்னணியில் கறுப்பில் இருக்கட்டும். குறியில் உள்ள மிகச்சிறிய கட்டம்போல் நான்கு கட்ட அகலத்துக்குச் சுற்றிலும் காலியாக விட வேண்டும். அந்த ஓரத்தில் பூவேலை போட்டால் பல போன்கள் குறியைக் கண்டுகொள்ளாது. இணைப்பு நீளமாக இருந்தால் குறிக்குள் புள்ளிகள் நெருங்கி, அச்சில் மை பரவி ஒட்டிக்கொள்ளும். சுருக்கமான இணைப்பே நல்லது.

இதே படத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புவார்கள். அங்கேதான் கியூஆர் குறி உதவாமல் போகிறது. தன் போனில் வந்த குறியைத் தன் போனின் கேமராவாலேயே எப்படி ஸ்கேன் செய்வது? எனவே வாட்ஸ்அப்புக்குத் தனி வடிவம் செய்வது அவசியம்: குறியை எடுத்துவிட்டு எண்ணைப் பெரிதாக்கி, தட்டினால் திறக்கும் இணைப்பைப் படத்தின் கீழே எழுத்தாகக் கொடுக்க வேண்டும். ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920 பிக்சல். ஸ்பான்சர் லோகோக்கள் இங்கே எறும்புகளாகிவிடும். அவர்களுக்கு அச்சுப் போஸ்டரின் அடிப்பட்டையில் நல்ல இடம் கொடுத்துவிட்டு, இதில் ஒரே ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிடலாம். அந்தப் பேச்சை டிசைன் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

பிரஸுக்கு அனுப்பும் ஃபைலில் நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நிறம் ஓட வேண்டும். இல்லையென்றால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு எட்டிப்பார்க்கும். தமிழ் எழுத்துகளை வடிவமாக மாற்றி அனுப்புவது இன்னும் முக்கியம். பிரஸ் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்துவிடும். மாற்றியபின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது என்பதால் மாற்றாத பிரதி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

முதல் புரூஃப் தாளில் வந்ததும், போஸ்டருக்கு வேலை செய்யாத ஒருவரிடம் கொடுத்து அதில் உள்ள எண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்கள். குறியைச் சுவரில் ஒட்டி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். காலண்டரை எடுத்து ஜனவரி 24 சனிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். விலை வரிக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குக் காலியிடம் விட்டிருந்தால், டிக்கெட் தீர்ந்த பிறகு ‘இருக்கைகள் நிரம்பிவிட்டன’ என்ற துண்டுச் சீட்டை அங்கே ஒட்டிக்கொள்ளலாம். தேதியும் இடமும் மறையாது.