60 நாள் கடன் கொடுத்தால் லாபம் கூடுமா? சேர்வராயன் மலைக் காபித்தூளின் கணக்கு

சேர்வராயன் மலையில் விளைந்த காபியை விவசாயி தன் விருப்பம்போல் விற்க முடியாத காலம் ஒன்று இருந்தது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் ஏலத்தில் விற்று, தரத்துக்கேற்ற புள்ளிக் கணக்கில் பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். முதல் தவணையோடு பறிப்புக் கூலியைச் சமாளித்துவிட்டு, மீதி எப்போது வரும் என்று ஏற்காட்டுத் தோட்டக்காரர் காத்திருப்பார். வேறு விதமாகச் சொன்னால், அவர் வாரியத்துக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் கடன் என்பதை முடிவு செய்யும் உரிமைதான் அவரிடம் இல்லை. 1990களில் அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் விற்பனை முழுச் சுதந்திரமானது.

அந்த உரிமை கைக்கு வந்தபோது அதோடு ஒரு பொறுப்பும் வந்தது. யாருக்குக் கடன், எத்தனை நாள், எவ்வளவு வரை என்பதை இப்போது விற்பவரே முடிவு செய்கிறார். மலையில் காபி வறுத்து அரைத்து, சேலத்துக்கு அனுப்பும் சிறு தொழில்முனைவோர் பலர் இந்த முடிவை வாடிக்கையாளரின் வற்புறுத்தலுக்கு விட்டுவிடுகிறார்கள். ‘அந்தக் கம்பெனி 60 நாள் கொடுக்கிறான், நீங்க 30 நாளிலேயே நிக்கிறீங்களே’ என்று செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர் கேட்டதும் தலையாட்டிவிடுகிறார்கள். தலையாட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒரு தாளில் அடங்கிவிடும். அதை இங்கே முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

கரடியூரில் ஒரு சிறு காபித்தூள் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சிக்கரி கலக்காத தூள். ஆண்டு விற்பனை 60 லட்சம் ரூபாய், எல்லாம் 30 நாள் கடனில். கொட்டை, வறுக்கும் செலவு, பை, லைன் வண்டி என்று விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவு 100 ரூபாய்க்கு 85. மிச்சம் 15 ரூபாய். வாடகை, மேலாளர் சம்பளம் போன்றவை விற்பனை கூடினாலும் மாறாது. வங்கி ஓவர்டிராஃப்டுக்கு வட்டி 12 சதவீதம். இப்போது வராமல் போகும் கடன் விற்பனையில் ஒரு சதவீதம், அதாவது 60,000 ரூபாய்.

கடனை 60 நாளாக நீட்டினால் விற்பனை 72 லட்சமாகும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். வாராக்கடன் மொத்த விற்பனையில் இரண்டரை சதவீதமாக உயரும் என்பது நம் மதிப்பீடு. கூடுதல் விற்பனை 12 லட்சம். அதில் மிச்சம் 15 சதவீதம், 1,80,000 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் கணக்கை மூடிவிடுவார்கள்.

மறுபக்கத்தில் முதலில் வருவது வாராக்கடன். 72 லட்சத்தில் இரண்டரை சதவீதம் 1,80,000. முன்பு போனது 60,000. ஆகவே கூடுதல் இழப்பு 1,20,000. பழைய வாடிக்கையாளர் முன்போலவே கட்டுகிறார்கள் என்றால், இந்த இழப்பு முழுவதும் புதிதாக வரும் 12 லட்சத்திலிருந்துதான் வருகிறது. பத்தில் ஒரு பங்கு! தாராளமான கடனைத் தேடி வருகிறவர்களில் மற்ற இடங்களில் கடன் மறுக்கப்பட்டவர்களும் இருப்பார்கள் என்பதால், இந்த விகிதத்தைக் கண்டு வியப்படையத் தேவையில்லை.

அடுத்தது வட்டி. பெரும்பாலான கணக்குகள் தடுமாறுவது இங்கேதான். புதிய வாடிக்கையாளரிடம் சிக்கியிருப்பது, அவருக்கு அனுப்பிய சரக்கைத் தயாரிக்க நாம் செலவழித்த பணம். அவர் இல்லாவிட்டால் அந்தத் தூளையே அரைத்திருக்க மாட்டோம். ஆகவே 12 லட்சத்தில் செலவான 10,20,000 ரூபாயை எடுத்து, அதற்கு 60 நாள் கணக்கிட்டால் 1,70,000 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். வட்டி ஆண்டுக்கு 20,400. பழைய வாடிக்கையாளர் விஷயம் வேறு. அவர் 30ஆம் நாளில் கொடுத்திருக்க வேண்டிய முழுப் பில் தொகை, லாபத்தோடு சேர்த்து, இன்னும் 30 நாள் தள்ளிப்போகிறது. 60 லட்சத்துக்கு 30 நாள் என்றால் 5 லட்சம், வட்டி 60,000.

மொத்த வட்டி 80,400. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒரு கிலோகூடக் கூடுதலாக வாங்காத பழைய வாடிக்கையாளர்களுக்காகக் கட்டும் வட்டி. கடனைத் தளர்த்துவதில் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு இதுதான். புதியவர்களை இழுக்க அறிவித்த சலுகையைப் பழையவர்கள் முதல் நாளே எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டினால் கூடுதல் செலவு 2,00,400 ரூபாய். கூடுதல் மிச்சம் 1,80,000. விற்பனை 20 சதவீதம் ஏறியும் லாபம் 20,400 குறைகிறது. அப்படியானால் புதியவர்களுக்கு மட்டும் 60 நாள் கொடுக்கலாமே என்று தோன்றும். தாளில் அது 39,600 ரூபாய் லாபம் காட்டும். ஆனால் ஒரே லைனில் அடுத்தடுத்த இரண்டு கடைகளுக்கு இரண்டு விதமான கெடு என்பது சேலம் போன்ற ஊரில் ஒரு மாதம்கூட ரகசியமாக இருக்காது. அந்த 39,600ஐ நம்பி முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது 45 நாளைப் பார்ப்போம். விற்பனை 66 லட்சம், வாராக்கடன் ஒன்றரை சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், கூடுதல் மிச்சம் 90,000. கூடுதல் வாராக்கடன் 39,000. பழையவர்களுக்கான வட்டி 30,000, புதியவர்களுக்கு 7,650. செலவெல்லாம் போக 13,350 ரூபாய் லாபம் நிற்கிறது. சிறிய தொகைதான், ஆனால் லாபப் பக்கம் நிற்கிறது. கடன் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்பதைவிட எத்தனையாவது நாளில் லாபம் நட்டமாக மாறுகிறது என்று கேட்பதே பயனுள்ளது.

அந்த நாளைக் கண்டுபிடிக்கவும் முடியும். 45 நாள் என்று பேசிவிட்டு, பணம் சராசரியாக ஒரு நாள் தாமதமாக வந்தால் ஆண்டு வட்டி எவ்வளவு கூடும்? பழைய 60 லட்சத்துக்கு 2,000, புதிய சரக்கின் செலவுக்கு 170. ஆக 2,170 ரூபாய். 13,350ஐ இதனால் வகுத்தால் ஆறு நாளுக்குக் கொஞ்சம் மேல். வசூல் சராசரி 51 நாளில் இருக்கும்வரை இந்தச் சலுகை தாங்கும். 52 நாளானால் நட்டம். ‘45 நாள்னா 60 நாள்ல வந்துரும் சார்’ என்று லைன் பையன் சாதாரணமாகச் சொல்லும் அந்த 15 நாள், இந்த ஆலையின் கணக்கில் 19,000 ரூபாய்க்கு மேல் நட்டம்.

ஆகவே விதியை எழுதுவதைவிட வசூலைக் கவனிப்பதில்தான் லாபம் இருக்கிறது. அதற்குச் சராசரி எண்ணை மட்டும் நம்பக் கூடாது. மாத விற்பனை ஐந்தரை லட்சம். மாதக் கடைசியில் வெளியே நிற்கும் பாக்கி 8,25,000. வகுத்தால் சரியாக 45 நாள். எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றும். அதே பாக்கியைப் பில் தேதிப்படி பிரித்தால் இப்படியும் வரலாம்: இந்த மாதப் பில்கள் 4,50,000, போன மாதத்தவை 1,75,000, அதற்கு முந்தையவை ஒரு லட்சம், மூன்று மாதம் தாண்டியவை ஒரு லட்சம். நல்ல வாடிக்கையாளர் சிலர் கையோடு ரொக்கம் கொடுத்ததால் சராசரி அழகாக நிற்கிறது. அதற்குள் இரண்டு லட்சம் மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது. வாரம் ஒருமுறை பில் தேதிப்படி பாக்கிப் பட்டியல் எடுக்கும் ஆலையில் இது ஒளிந்துகொள்ள முடியாது. கெடு தாண்டி ஒரு வாரமாகியும் கட்டாத கடைக்கு அடுத்த சரக்கு ரொக்கத்துக்கு மட்டும் என்று முன்பே சொல்லிவைத்து, அதைப் பிரதிநிதியின் தயவுக்கு விடாமல் நடைமுறைப்படுத்த வேண்டும்.

45 என்ற எண்ணுக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006இன் 15ஆம் பிரிவுப்படி, குறு அல்லது சிறு தொழிலிடம் வாங்குபவர் எழுத்தில் எந்தக் கெடுவுக்கு ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று சேர்த்த விதி இன்னும் வலுவானது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, பணம் உண்மையில் கைமாறும் ஆண்டுவரை வாங்கியவர் தன் செலவாகக் காட்ட முடியாது. கணக்கு எழுதும் பெரிய ஓட்டலுக்கு இது உறைக்கும். தெருமுனைத் தேநீர்க் கடைக்கு உறைக்காது. கரடியூர் ஆலை உத்யம் பதிவு எண்ணைப் பில்லிலேயே அச்சிட்டால், ஓட்டலின் ஆடிட்டரே வசூலுக்கு உதவுவார். தோட்டத்தில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கணக்கில் இதுவரை சேர்க்காத ஒன்று ஜிஎஸ்டி. வறுத்த காபிக்கு 5 சதவீதம்; வறுக்காத கொட்டைக்கு வரியில்லை என்பதால் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரியும் அதிகமிருக்காது. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் இந்த மாத விற்பனைக்கான வரியை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாத நடுவில் போட்ட பில்லுக்கு அது ஏறத்தாழ 35 நாள். 30 நாள் கடனில் வாடிக்கையாளர் கொடுத்த பணத்திலிருந்தே வரி போய்விடும். 45 நாள் கடனில் நம் கையிலிருந்து முதலில் போகும். பணம் வராமலே போனாலும் கட்டிய வரி திரும்பாது.

கடைசியாக, எந்த மாதத்தில் தொடங்குவது? மலையில் அரபிக்கா அறுவடை குளிர்கால மாதங்களில். கொட்டையை அப்போது கைப்பணம் கொடுத்து வாங்கி வைக்கும் ஆலைக்கு ஓவர்டிராஃப்ட் வரம்பு அந்த மாதங்களில்தான் நிரம்பும். 45 நாளுக்கு மாறுவதால் கூடுதலாக வெளியே நிற்கப்போவது ஏறத்தாழ 3,14,000 ரூபாய். அதை நவம்பரில் தொடங்கினால் கொட்டை வாங்கும் பணம் கடைகளில் மாட்டிக்கொள்ளும். அப்போது இழப்பை 12 சதவீத வட்டியால் அளக்கக் கூடாது, வாங்க முடியாமல் போன கொட்டையால் அளக்க வேண்டும். கையிருப்புக் கொட்டை தூளாகிப் பணமாக மாறிக்கொண்டிருக்கும் ஜூன், ஜூலையில் ஒரே ஒரு லைனில் மட்டும் தொடங்கினால், அறுவடைக்கு முன் மூன்று சுற்று வசூலைப் பார்த்துவிடலாம். அந்த லைனில் சராசரி 51 நாளைத் தாண்டவில்லை என்றால் மட்டும் மற்ற லைன்களுக்கு நீட்டலாம்.