மழை அறுத்த கணக்கு

ஜூலை மழை வலுத்தால் வாஷி மினி சீஷோரில் காலை நடைக் கூட்டம் மெலிந்துவிடும். வெயில் வந்தபின்னும் சிலர் திரும்புவதில்லை. நாற்பது நாள் கணக்கு ஒரே மழையில் அறுந்த சலிப்பு. 'விட்டது விட்டாச்சு, ஒண்ணாம் தேதியிலிருந்து பார்க்கலாம்.'

அவ்வளவு சலித்துக்கொள்ளத் தேவையில்லை என்கிறது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு நடத்தி 2010ல் அச்சான ஆய்வு. 96 பேர் ஆளுக்கொரு புதுப் பழக்கத்தை 84 நாள் முயன்றார்கள். அது எந்த அளவுக்கு யோசிக்காமல் தானாக வருகிறது என்று தினமும் குறித்தார்கள். ஒரு நாள் தவறியபோது மதிப்பெண் லேசாக இறங்கி, சீக்கிரமே மறுபடி ஏறத் தொடங்கியது. அடிக்கடி தவறியவர்களுக்குத்தான் பழக்கம் படியவில்லை.

காபி முடிந்ததும் ஷூ மாட்டுவது நாற்பது முறை செய்து ஊறிய தொடர்பு. ஒரு காலையில் அழியாது. மறுநாளும் காபிக்குப் பின் பேப்பரை விரித்தால் அங்கே வேறொரு தொடர்பு முளைக்கிறது. இரண்டாம் நாளை விடாதே என்பது இதற்காகத்தான். இரண்டு என்ற எண் ஆய்வில் வந்ததல்ல, அனுபவக் கணக்கு. மறுநாளும் மழையா? அதே காபிக்குப் பிறகு ஷூ மாட்டி, கட்டிட மாடிப்படியில் பத்து நிமிடம் ஏறி இறங்கலாம்.