நிலுவை என்ற ஒரு சொல்

பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு சிறு கடன் நிறுவனத்துக்காக நான் தமிழாக்கிய ஒப்பந்தம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதன் 7ஆவது பிரிவு இது: “கடன்தாரர் குறித்த தேதியில் தவணையைச் செலுத்தத் தவறும்பட்சத்தில், நிலுவைத் தொகையின் மீது மாதமொன்றுக்கு 2% அபராத வட்டி, மாதாந்திர ஓய்வுகளுடன் கூட்டு வட்டியாக விதிக்கப்படும்.”

‘மாதாந்திர ஓய்வு’ என்பது என் கைங்கரியம். மாதம் ஒருமுறை வட்டியை அசலோடு சேர்ப்பார்கள் என்பதை ஆங்கில வக்கீல்மொழி அப்படிச் சொல்கிறது. நானும் அகராதியைப் பார்த்து ஓய்வெடுக்க விட்டுவிட்டேன். படித்தவர்கள் சிரித்திருப்பார்கள், ஆனால் யாரும் படிக்கவில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஓய்வு சிரிப்போடு போயிற்று. பணத்தைத் தின்றது ‘நிலுவை’. தமிழில் கட்டாமல் விட்ட தவணையும் நிலுவைதான், இன்னும் கட்ட வேண்டிய மொத்தக் கடனும் நிலுவைதான். ஆங்கிலத்தில் அவற்றுக்கு இரண்டு சொற்கள் உண்டு. நான் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தையல் மிஷின் வாங்க ஒரு லட்ச ரூபாய் கடன், 24 தவணை. “வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டுதான்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். வருடத்துக்கு 12,000 வீதம் இரண்டு வருடத்துக்கு 24,000, ஆக மாதத் தவணை 5,167. ஆறு தவணை கட்டியாயிற்று, ஏழாவது ஒரு மாதம் தள்ளிப்போகிறது. நிலுவை என்றால் அந்த ஒரு தவணை என்று எடுத்துக்கொண்டால் அபராதம் 103 ரூபாய். மீதி அசல் முழுவதும் என்று எடுத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 78,850. அதில் 2 சதவீதம் 1,577 ரூபாய். கணக்குப் போடுகிறவர் எதை எடுத்துக்கொண்டாலும் ஒப்பந்தம் அவரைத் தடுக்காது. அந்த அபராதமும் அசலில் சேர்ந்துவிட்டால் அடுத்த மாதம் அதற்கும் வட்டி.

இன்று அதே ஒப்பந்தத்தைத் திரும்ப எழுதும் வேலை என்னிடமே வந்தது. இதற்கிடையில் விதிகள் மாறிவிட்டன. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில், தாமதத்துக்கு ‘அபராத வட்டி’ போடக் கூடாது, ‘அபராதக் கட்டணம்’ மட்டுமே வாங்கலாம் என்றது. கட்டணம் அசலோடு சேராது, அதற்கு வட்டியும் கிடையாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறை. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், தனிநபர் கடன்களுக்கும் சிறு தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்க வேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ ஓடும் கடனானால், தாளைக் கொடுத்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும்.

விதி மாறினால் சொல்லைத் திருத்தினால் போதும் என்று நினைத்து உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே இடறியது. ‘பன்னிரண்டு சதவீதம்’ என்பது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கணக்காகிறது. குறைகிற அசலுக்கு வைத்துப் பார்த்தால் இதே கடனின் வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 21.6 சதவீதம். அதனால் புதிய வரைவில் முதல் வாக்கியம் சதவீதமே இல்லாமல் வந்தது: “நீங்கள் 1,00,000 வாங்குகிறீர்கள். 24 மாதத்தில் 1,24,000 திருப்பித் தருகிறீர்கள்.” சதவீதம் அதற்குக் கீழே, குறையும் அசலுக்கான கணக்காக மட்டும்.

அடுத்து நிலுவையை அடித்துவிட்டேன். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் என்று முடிவு. கெடு தாண்டிய தவணை, மீதி அசல். இரண்டும் பிரிவின் தொடக்கத்திலேயே விளங்கச் சொல்லி, கடைசி வரை மாறாமல் வருகின்றன. தாமதத்துக்கான வரி இப்போது இப்படி: “தவணை கெடு தாண்டினால், கெடு தாண்டிய தவணைக்கு மட்டும் மாதம் 2% கட்டணம். 5,167 ரூபாய் ஒரு மாதம் தாமதமானால் 103 ரூபாய். இந்தக் கட்டணத்துக்கு வட்டி கிடையாது. அந்தத் தவணை கட்டாமல் இருக்கும் மாதத்துக்கு வழக்கமான வட்டி, சுமார் 93 ரூபாய், தனியே உண்டு.” கடைசி வாக்கியத்தை நிறுவனத்தார் வேண்டாம் என்றார்கள், பயமுறுத்துமாம். கட்டணம் 103 என்று சொல்லிவிட்டு 196 வாங்கினால் அதைவிடப் பயமாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கச் செய்தேன்.

முன்கூட்டியே கட்டி முடிப்பதற்கு அன்றைய ஒப்பந்தத்தில் ஒரே வரிதான்: “நிறுவனத்தின் விருப்பப்படி கட்டணம்.” இன்று, வட்டி மாறிக்கொண்டே இருக்கும் வகைக் கடனைத் தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கியிருந்தால், முன்கூட்டிக் கட்ட எந்தக் கட்டணமும் இல்லை. இந்தக் கடன் நிலையான வட்டிக் கடன் என்பதால் கட்டணம் வாங்க இடம் உண்டு, ஆனால் முன்பே எழுதிக் காட்ட வேண்டும். (ஆண்டுக் குடும்ப வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு ஈடில்லாமல் தரும் குறுங்கடனானால் அதுவும் கூடாது.) ஆகவே கணக்கோடு எழுதினேன்: “ஆறு தவணை கட்டிய பின் முடித்தால் மீதி அசல் 78,850, கட்டணம் 4%, அதாவது 3,154. மொத்தம் 82,004. தொடர்ந்து கட்டினால் மீதி 18 தவணை 93,000.” கிட்டத்தட்ட 11,000 மிச்சம். அந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் முடிவெடுக்க வேறு விளக்கம் வேண்டியதில்லை.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆகையால் கேட்கவில்லை. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் புதிய வரைவின் தாளைக் கொடுத்து, “ஏழாவது மாசம் கட்ட முடியாம ஒரு மாசம் தள்ளிப்போச்சுன்னா எவ்வளவு கூட ஆகும்?” என்றேன். பழைய பிரிவையும் காட்டினேன். அதைப் படித்து, “கணக்கு எங்க தம்பி இருக்கு?” என்றார். புதிய தாளில் விரலை வைத்து எண்ணி, “நூத்தித் தொண்ணூத்தாறு” என்றார். சரிதான்.

பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “இதுல பேங்க்காரன் பிடிக்கிறது இல்லையே?”

எனக்கு உடனே பிடிபடவில்லை. தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும். அன்று கணக்கில் பணம் இல்லையென்றால் அது திரும்பிவிடும், அதற்கு அவருடைய வங்கி தனியே கட்டணம் பிடிக்கும். போன வருடம் அப்படிப் பிடித்திருக்கிறார்கள். அது எங்கள் ஒப்பந்தத்தின் கட்டணம் இல்லை, அதனால் எங்கள் தாளில் இல்லை. ஆனால் பணம் போவது ஒரே பையிலிருந்து.

அன்று சாயங்காலமே ஒரு வரி சேர்த்தேன்: “தவணை நாளில் உங்கள் கணக்கில் பணம் இல்லையென்றால், மேலே சொன்னது போக உங்கள் வங்கியும் தனியே கட்டணம் பிடிக்கலாம். முந்தின நாளே பணத்தைப் போட்டு வையுங்கள்.”