முதல் ஊசி யாருக்கு?

2021ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இந்தியாவில் கொரோனாத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசியைப் பெற்றவர் மருத்துவர் அல்லர். அங்குப் பணிபுரிந்த தூய்மைப் பணியாளர் ஒருவர். மருத்துவரைப் போலவே அவரும் நாள்தோறும் நோய்க்கிருமிகளுக்கு நடுவே நிற்பவர்.

சித்திரபுரத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருப்பதாகக் கொள்வோம். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

காலையில் தூய்மைப் பணியாளர் வருகிறார். அழுக்குக் குறைந்த இடத்தை முதலிலும் கழிவறையை இறுதியிலும் துடைக்கிறார். கழிவறையில் பயன்படுத்திய துணியைக் கட்டிலருகே கொண்டுவருவதில்லை. இவ்வரிசை மாறினால் கழிவறைக் கிருமிகள் கட்டிலை அடையும். தையலிட்ட புண்ணில் சீழ் பிடிக்கவும் கூடும்.

அடுத்து அவர் குப்பையை அகற்றுகிறார். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில் சேர வேண்டும். ஊசிகளை, குத்தினாலும் துளைபடாத வெள்ளைக் கலனில் இட வேண்டும். யாரேனும் கவனமின்றி ஊசியைப் பையில் போட்டுவிட்டால், அதனைத் தூக்குபவர் கையில் அது குத்தும். மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இவ்வாறும் பரவும்.

சமையலறையிலும் இத்தகைய கவனம் தேவை. சர்க்கரை நோயாளிக்குரிய தட்டு வேறு. உப்புக் குறைக்க வேண்டிய சிறுநீரக நோயாளிக்குரிய தட்டு வேறு. செவிலியர் உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போடுகிறார். அதன்பின் உணவு தாமதமானால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறையும். நோயாளிக்கு வியர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். ஆகவே குறித்த நேரத்தில் வந்து சேரும் தட்டும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நோயாளி வீடு திரும்பும் நாளில் இனிப்புப் பெட்டி பெரும்பாலும் மருத்துவர் அறைக்கும் செவிலியர் மேசைக்குமே செல்கிறது. இரவில் தரையைத் துடைத்தவரும் அடுப்படியில் நின்றவரும் அங்கு இருப்பதில்லை. அவர்களைத் தேடிச் சென்று, பெயரைக் கேட்டறிந்து, செய்த உதவியைக் குறிப்பிட்டு நன்றி கூறுதல் வேண்டும். “சேச்சி, நீங்கள் நேரந்தவறாமல் உணவு கொண்டுவந்தீர்கள், அப்பாவுக்கு ஒருநாளும் மயக்கம் வரவில்லை. நன்றி” என்று தமிழிலோ மலையாளத்திலோ கூறலாம். மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் அவர்கள் பெயரையும் சேர்க்கலாம்.

மருத்துவமனையில் தங்கியிருக்கும் நாள்களிலும் நன்றி காட்ட வழி உண்டு. உரிய பையில் மட்டும் குப்பையை இடுபவர், அதனைத் தூக்கும் கையைக் காக்கிறார்.

பயிற்சி
1. ஊசியை வெள்ளைக் கலனில் இட வேண்டிய காரணம் யாது?
2. இன்சுலின் போட்டபின் உணவு தாமதமானால் என்ன நேரும்?
3. மருத்துவமனைச் சமையல் பணியாளர் ஒருவருக்கு, அவர் செய்த உதவியைக் குறிப்பிட்டு நன்றிக் கடிதம் எழுதுக.