திங்கட்கிழமைத் தலைவலி

டைனமைட் ஆலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை என்றாலே தலை பிளக்கும். காற்றிலும் தோல் வழியாகவும் உடலில் ஏறிய நைட்ரோகிளிசரின் ரத்தக் குழாய்களை விரித்ததுதான் காரணம். இரண்டொரு நாளில் உடல் பழகிவிடும், வலி மறையும். ஞாயிறு விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் அதே வலி. வேறு சிலருக்கோ, மருந்து படாத விடுமுறை நாளில் நெஞ்சே வலித்தது.

அதே வேதிப்பொருளை நெஞ்சுவலிக்குக் கொடுத்து, 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் எழுதினார். நாக்கின் அடியில் வைத்த மாத்திரை சில நிமிடங்களில் வேலை செய்கிறது. உடலுக்குள் அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு முக்கியமாகச் சிரைகளைத் தளர்த்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. சுமை குறைந்த இதயத்துக்கு ஆக்சிஜனும் குறைவாகவே போதும். வலி தணிகிறது.

ஆனால் இடைவெளியில்லாமல் மருந்து ஏறினால், அதை நைட்ரிக் ஆக்சைடாக மாற்ற உதவும் நொதியே செயலிழக்கிறது. ஒரே நாளில்கூடப் பலன் மங்கத் தொடங்கலாம். அதனால்தான் தோலில் ஒட்டும் நைட்ரேட் பட்டையை இரவில் 10 முதல் 12 மணி நேரம் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். அந்த ஓய்வில் மருந்தின் வீரியம் மீள்கிறது.

மருத்துவர் சொன்ன அந்த இடைவெளியை, மறந்துபோன வேளை என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள்.